ஒன்பது கோரிக்கை, ஒரே மனு: ஆட்சியர் அலுவலகத்தில் நம் காகிதம் எங்கே போகிறது?

திங்கட்கிழமை தோறும் மதுரை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கிறது. அங்கே வருகிற குடியிருப்போர் நலச் சங்கங்கள் கொண்டுவரும் மனு பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும். மேலே சங்கத்தின் லெட்டர்பேடு. கீழே வரிசையாகக் கோரிக்கைகள்: மழைநீர் தேங்குகிறது, தெருவிளக்கு எரியவில்லை, சாலை குண்டும் குழியுமாக இருக்கிறது, குடிநீர் நாலு நாளைக்கு ஒருமுறை வருகிறது, நாய்த்தொல்லை, ரேஷன் கடை தூரம், பேருந்து நிற்பதில்லை, மின்கம்பம் சாய்ந்திருக்கிறது, போலீஸ் ரோந்து வேண்டும். முடிவில் ‘போர்க்கால அடிப்படையில் உரிய நடவடிக்கை எடுக்குமாறு’ ஒரு வரி. பின்னிணைப்பாக நாலைந்து தாளில் கையெழுத்து. கொடுத்து முடித்து வாசலில் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் அன்றைய வேலை முடிந்தது.

ஒரு மாதம் கழித்துப் பதில் வரும். அதிலும் ‘உரிய நடவடிக்கை எடுக்கப்படும்’ என்றே இருக்கும். கேட்டதைத்தானே கொடுத்திருக்கிறார்கள், குறை சொல்ல முடியாது.

இப்படி நடப்பதற்கு அதிகாரிகளின் அலட்சியம் மட்டும் காரணம் இல்லை. மனு உள்ளே போனதும் அதற்கு என்ன நேர்கிறது என்பது தெரிந்தால், அது தொலைந்துபோகிற இடமும் தெரிந்துவிடும்.

முதலில் பதிவு மேசை. கணினிக்கு முன்னால் இருப்பவர் உங்கள் பெயர், கைபேசி எண், ஊர், மனுவின் பொருள் ஆகியவற்றை ஏற்றி ஒரு மனு எண் தருவார். ஒரு மனுவுக்கு ஓர் எண். அந்த எண்ணை ஒரு துறைக்குத் தள்ள வேண்டும். எந்தத் துறை என்று தீர்மானிப்பவருக்கு முன்னால் வரிசை நீண்டு நிற்கும். அவர் நான்கு பக்கம் படிக்கப் போவதில்லை. ‘பொருள்’ என்ற வரியையும் முதல் பத்தியின் தொடக்கத்தையும் பார்ப்பார், அவ்வளவுதான். ‘அடிப்படை வசதிகள் செய்து தரக் கோருதல்’ என்று பொருள் எழுதியிருந்தால் மாநகராட்சிக்குப் போகும். முதல் கோரிக்கை தெருவிளக்கு என்றால் அதுவும் மாநகராட்சிக்கே. உள்ளே ஆறாவதாக எழுதிய ரேஷன் கடையை மாவட்ட வழங்கல் அலுவலர் பார்க்கவே மாட்டார். மின்கம்பத்தை மின்வாரியம் பார்க்காது. மாநகராட்சியில் ஒரு விளக்கு மாற்றப்பட்டதும், ‘நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்று அந்த எண் முடித்துவைக்கப்படும். மீதி எட்டும் அதோடு சேர்ந்து முடிந்துவிடும்.

ஆட்சியர் எல்லோருக்கும் மேலதிகாரி என்ற நினைப்பு நம்மிடம் இருக்கிறது. மாநகராட்சி ஆணையர் அவருக்குக் கீழ் வேலை பார்ப்பவர் அல்ல. அது நகராட்சி நிர்வாகத் துறையின் கீழ் வரும் தனி அமைப்பு. அரசுப் பேருந்து தனிக் கழகம், மின்வாரியமும் அப்படியே. மாநகருக்குள் காவல் என்றால் காவல் ஆணையர். இவர்களிடம் ஆட்சியர் சொல்லலாம், கேட்கலாம், கூட்டத்துக்கு அழைக்கலாம். ஆனால் அவர் கையெழுத்திலேயே அசையக்கூடியது வருவாய்த் துறைதான்: கோட்டாட்சியர், வட்டாட்சியர், வருவாய் ஆய்வாளர், கிராம நிர்வாக அலுவலர், நில அளவர். அதனால் ஆட்சியரிடம் கொண்டுபோக வேண்டியது நிலம், எல்லை, புறம்போக்கு, ஆக்கிரமிப்பு, அல்லது இரண்டு மூன்று துறைகள் சேர்ந்தால்தான் தீரும் என்கிற விஷயம். தெருவிளக்கை மண்டல அலுவலகத்தில் கொடுத்தாலே போதும்; மதுரை மாநகராட்சிக்கு ஐந்து மண்டல அலுவலகங்கள் இருக்கின்றன.

அந்த ஒன்பதில் ஆட்சியருக்கென்றே ஆனது எது? மழைநீர். அதை மட்டும் எடுத்து மனு எழுதிப் பார்ப்போம். இங்கே சொல்லும் நகரும் எண்களும் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. நிலைமை என்னவோ மதுரையில் பல நகர்களுக்குப் பொருந்தும்.

வைகைக்கு வடக்கே, ஒரு கண்மாய்க்குக் கீழே ஒரு நகர். முப்பது வருடத்துக்கு முன் வயலாக இருந்த இடம். கண்மாய் நிரம்பினால் உபரி நீர் கலுங்கு வழியே மறுகாலாகப் பாயும். அந்தத் தண்ணீர் ஓடை வழியாக அடுத்த கண்மாய்க்கோ ஆற்றுக்கோ போய்ச் சேரும். வயல் பிளாட்டான பிறகு அந்த ஓடையில் ஒரு பக்கம் காம்பவுண்டு சுவர், ஒரு பக்கம் தகரக் கொட்டகை, நடுவில் யாரோ போட்ட சின்னக் குழாய்ப் பாலம். ஓடை சுருங்கிச் சாக்கடையானது. கனமழை பெய்தால் மறுகால் தண்ணீர் தெருவழியாகப் போகிறது. 2024 அக்டோபர் 25 அன்று மதுரையில் சுமார் 10 செ.மீ. மழை கொட்டியபோது செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியதை ஊரே பார்த்தது. நிரம்பிய கண்மாயிலிருந்து வைகைக்குப் போகிற வழி அந்த நீரைத் தாங்கவில்லை; பிறகு அரசு பணம் ஒதுக்கிக் கண்மாயிலிருந்து ஆற்றுக்குக் கான்கிரீட் கால்வாய் கட்டும் வேலையை எடுத்தது.

இந்த நகரின் சங்கம் எழுதும் முதல் வரைவு எப்படி இருக்கும்? ‘எங்கள் பகுதியில் மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கிப் பொதுமக்கள், முதியோர், பள்ளிக் குழந்தைகள் பெரிதும் அவதிப்படுகின்றனர்.’ இது உண்மைதான். ஆனால் இதைப் படிக்கிற அதிகாரிக்குச் செய்ய ஒரு வேலையும் இதில் இல்லை. தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்துவிட்டு, இறைத்த போட்டோவை இணைத்து மனுவை முடித்துவிடலாம். நவம்பரில் கொடுத்த மனுக்கள் பெரும்பாலும் அப்படித்தான் முடிகின்றன. ஓடையை அளக்க நில அளவர் வர வேண்டும் என்றால் தரை காய்ந்திருக்க வேண்டும், தூர்வார மதிப்பீடு போட அவகாசம் வேண்டும். மழைக்கான முன்னேற்பாடுகளை மாவட்ட நிர்வாகம் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே பேசி முடித்துவிடும். அதனால் இந்த மனுவுக்கு ஏற்ற காலம் மாசி, பங்குனி. தண்ணீர் நின்ற ஐப்பசியில் எடுத்த போட்டோவைத் தேதியோடு பத்திரமாக வைத்திருந்து பங்குனியில் இணைப்பதுதான் சாமர்த்தியம்.

அடுத்தது புல எண், அதாவது சர்வே எண். வருவாய்த் துறைக்கு ‘பிள்ளையார் கோயில் பக்கத்து ஓடை’ என்று ஒரு பொருள் கிடையாது. கிராமம், புல எண், உட்பிரிவு, வகைப்பாடு என்றுதான் கணக்கு. இதைத் தேட அலைய வேண்டியதில்லை. அரசின் eservices.tn.gov.in தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம் தேர்ந்தெடுத்துப் புல எண் கொடுத்தால் நிலத்தின் வகைப்பாட்டைச் சொல்லும் அ-பதிவேட்டு விவரமும் புல வரைபடமும் பார்க்கலாம். ஓடையின் எண் தெரியாவிட்டால், அதை ஒட்டியுள்ள ஏதாவது ஒரு வீட்டுப் பத்திரத்தை எடுங்கள். ‘கிழக்கே ஓடைப் புறம்போக்கு’ என்று நான்கு மாலில், அதாவது நான்கு பக்க எல்லை விவரத்தில், எழுதியிருக்கும். அந்த வீட்டின் புல எண்ணுக்குப் பக்கத்து எண்ணைப் பிடித்துப் போனால் ஓடை கிடைத்துவிடும். நகர நில அளவை நடந்த இடங்களில் பழைய எண் மாறி வார்டு, பிளாக், நகரப் புல எண் என்று இருக்கும். அங்கே பழையது, புதியது இரண்டையும் எழுதுவது நல்லது.

வரைபடத்தில் ஓடையின் இரு கரைக் கோட்டிலும் அளவுகள் குறித்திருக்கும். அதை வைத்து அகலம் இவ்வளவு என்று தோராயமாகச் சொல்லலாம். நம் உதாரணத்தில் புல எண் 57, வகைப்பாடு ஓடைப் புறம்போக்கு, அகலம் சுமார் 6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இப்போது தரையில் டேப் பிடித்துப் பார்த்தால் மூன்றாவது தெரு முனையில் 2 மீட்டர்தான் இருக்கிறது. இந்த இரண்டு எண்களும் ஒரே பத்தியில் பக்கத்துப் பக்கத்தில் நின்றால், படிக்கிற வட்டாட்சியர் சர்வேயரை அனுப்பாமல் பதில் எழுதுவது கடினம்.

இந்த இடத்தில் சங்கத்துக்காரர்கள் நின்று யோசிக்க வேண்டும். டேப்பை முதலில் நம் பக்கமே பிடித்துப் பார்ப்பது உத்தமம். ஓடையை ஒட்டிய வரிசையில் நிர்வாகி ஒருவர் வீடு இருந்து, அவர் காம்பவுண்டே ஓடைக்குள் ஒரு மீட்டர் வந்திருந்தால், அளவை நாளன்று சங்கம் இரண்டாக உடையும். உடைந்த சங்கத்தின் மனு அதற்கப்புறம் நகராது. அப்படி இருந்தால் அவரோடு முன்கூட்டியே பேசிவிட வேண்டும். ‘எங்கள் பகுதிச் சுவர்கள் இருந்தாலும் அகற்றிக்கொள்ளச் சம்மதம்’ என்று ஒரு வரியை மனுவிலேயே சேர்த்தால், எதிர்த்தரப்புக்கு முதல் வாதம் போய்விடும்.

ஓடை யாருடையது என்பது இன்னொரு சிக்கல். 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள கண்மாய்கள் பொதுவாக நீர்வளத்துறையின் கையில். அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் கையில். 2011-இல் மதுரை மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டாக விரிந்தபோது சுற்றியிருந்த ஊர்கள் உள்ளே வந்தன. கண்மாயை நீர்வளத்துறை பார்க்க, தெருவோர வடிகாலை மாநகராட்சி பார்க்க, நடுவே உள்ள ஓடையை இருவரும் மற்றவருடையது என்று சொல்லும் நிலை பல இடங்களில் வந்தது. மாநகராட்சிக்கு மனு போட்டால் ‘நீர்வளத்துறைக்குப் பாத்தியப்பட்டது’ என்றும், அங்கே போட்டால் ‘மாநகராட்சி எல்லைக்குள் உள்ளது’ என்றும் பதில் வருவது இதனால்தான். இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் ஆட்சியர் தேவைப்படுகிறார். எனவே மனுவில் நேராகவே கேட்கலாம்: இரு துறையினரையும் வட்டாட்சியரையும் கொண்டு கூட்டுத் தணிக்கை நடத்த உத்தரவிடுங்கள் என்று. அது ஆட்சியர் ஒரே வரியில் எழுதிக் கையெழுத்திடக்கூடிய கோரிக்கை.

இதெல்லாம் சேர்ந்தால் மனுவின் உடல் இப்படி வரும்:

“பொருள்: மதுரை வடக்கு வட்டம், … கிராமம், புல எண் 57, ஓடைப் புறம்போக்கு – நில அளவை செய்து ஆக்கிரமிப்பு அகற்றக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா / ஐயா, வணக்கம். மேற்படி ஓடை, கண்மாயின் மறுகால் நீர் செல்லும் வழியாகும். புல வரைபடத்தின்படி சுமார் 6 மீட்டர் அகலமுள்ள இவ்வோடை, மூன்றாவது தெரு முனை முதல் பிரதான சாலைப் பாலம் வரை சுமார் 120 மீட்டர் நீளத்திற்கு 2 மீட்டராகக் குறுகியுள்ளது. இதனால் கடந்த ஐப்பசி மழையில் 40 வீடுகளுக்குள் நீர் புகுந்தது (புகைப்படங்கள் இணைப்பு 2).

ஆகவே, 1) மேற்படி புல எண்ணை நில அளவை செய்து எல்லைக் கற்கள் நடவும், 2) கண்டறியப்படும் ஆக்கிரமிப்புகள் மீது சட்டப்படி அறிவிப்பு வழங்கி அகற்றவும், 3) நீர்வளத்துறை, மாநகராட்சி, வருவாய்த் துறை ஆகியவை கூட்டுத் தணிக்கை செய்து ஓடையைப் பராமரிக்கும் பொறுப்பு யாருடையது என எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்கவும் உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.”

ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிட்டது. மூன்று கோரிக்கையும் ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பவை. முதலாவது நடந்தால்தான் இரண்டாவது நடக்கும். மீதியுள்ள எட்டில் உயிரோடு இருப்பவற்றை, அந்தந்த அலுவலருக்குத் தனித்தனி மனுவாகக் கொடுக்கலாம். ‘சட்டப்படி அறிவிப்பு வழங்கி’ என்பதை விட்டுவிடக் கூடாது. அறிவிப்பு இல்லாமல் இடித்தால் எதிர்த்தரப்பு தடை வாங்கி வந்துவிடும். புறம்போக்கு ஆக்கிரமிப்புக்கு 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தில் 7-ஆம் பிரிவின்படி விளக்கம் கேட்டு நோட்டீஸ், பிறகு 6-ஆம் பிரிவின்படி வெளியேற்றம் என்று வரிசை இருக்கிறது. நீர்வளத்துறைக் கண்மாய்களுக்கென்று 2007-இல் தனிச் சட்டமே வந்தது. ஓடையில் குடிசை போட்டு வாழ்பவர்கள் இருந்தால் மாற்று இடம் பற்றிய கேள்வி எழும். எவருக்காவது தவறிப் பட்டா கொடுக்கப்பட்டிருந்தால் அதை ரத்து செய்யும் விசாரணை தனியாக ஓடும். இந்த இரண்டில் ஒன்று இருந்தாலும் ஒரே மழைக்காலத்துக்குள் முடியும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

கையெழுத்துப் பக்கங்களுக்கு வருவோம். இருநூறு கையெழுத்து இருந்தால் மனு கனமாகிவிடும் என்பது நம்பிக்கை. எடை கூடுவது என்னவோ உண்மை! வழக்கமாக நடப்பது இதுதான்: பள்ளி நோட்டில் கோடு போட்ட தாளைக் கிழித்து வீடு வீடாக வாங்கிவருவார்கள், தாளின் தலையில் ஒன்றும் எழுதியிருக்காது. அந்தத் தாள் மனுவிலிருந்து பிரிந்துவிட்டால் யார் எதற்குக் கையெழுத்துப் போட்டார்கள் என்று தெரியாது. ‘நான் ரோடு வேண்டும் என்றுதான் போட்டேன், என் மச்சான் வீட்டை இடிக்கச் சொல்லிப் போடவில்லை’ என்று ஒருவர் விசாரணையில் சொன்னால் போதும், மொத்தக் கையெழுத்தும் சந்தேகத்துக்கு ஆளாகிவிடும். ஒவ்வொரு தாளின் தலையிலும் மனுவின் பொருளை அப்படியே எழுதி, வரிசை எண், பெயர், கதவு எண், கைபேசி, கையெழுத்து என்று கட்டம் போட்டு வாங்க வேண்டும். தண்ணீர் புகுந்த வீட்டுக்காரர்களின் முப்பது கையெழுத்து, பாதிக்கப்படாத தெருவின் நூற்றைம்பதைவிட மேல். வாடகைக்கு இருப்பவரும் போடலாம், நனைந்தது அவர் அரிசிதானே. ஒருவரே குடும்பத்தார் நாலு பேருக்கும் ஒரே கையெழுத்தில் போடுவதைத்தான் தவிர்க்க வேண்டும். அது பார்த்த உடனே தெரிந்துவிடும்.

சங்கத்தின் பெயரில் கொடுப்பதானால் பதிவு எண்ணும், இந்தப் பிரச்சினைக்கு மனு கொடுக்க நிர்வாகக் குழு போட்ட தீர்மானத்தின் நகலும் இணைக்க வேண்டும். 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிந்த பல சங்கங்கள், ஆண்டுதோறும் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டிய கணக்கைப் பல வருடமாகத் தாக்கல் செய்யாமல் விட்டிருக்கும். மனு வாங்குபவர் அதைக் கேட்கமாட்டார். வழக்கு என்று போனால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்பது அதைத்தான். நிலுவை இருந்தால், தண்ணீர் புகுந்த ஐந்து பேர் தங்கள் சொந்தப் பெயரிலும் கையெழுத்திட்டு மனுதாரராகச் சேர்ந்துகொள்வது பாதுகாப்பு.

முடிப்பு வரியில்தான் பலரும் கோபத்தைக் கொட்டுகிறார்கள். ‘தவறும் பட்சத்தில் சாலை மறியல் செய்வோம்’, ‘வரும் தேர்தலைப் புறக்கணிப்போம்’. கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் அந்த வரி மனுவின் தடத்தை மாற்றிவிடும். மறியல் என்ற சொல்லைப் பார்த்ததும் அது சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாகிக் காவல் நிலையத்துக்கும் ஒரு நகல் போகும். வட்டாட்சியர் அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிடுவார்கள்; டீ வரும், ‘இரண்டு வாரத்தில் செய்கிறோம்’ என்று கூட்ட நடவடிக்கையில் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். மறியல் கைவிடப்பட்டது என்று கோப்பு மூடப்படும். ஓடை அளக்கப்பட்டதா என்று அந்தக் கோப்பில் யாரும் தேட மாட்டார்கள்.

மரியாதையான முடிப்பு என்பது குழைவது இல்லை. ‘தங்கள் பாதம் பணிந்து’ என்ற பழைய மனு பாஷை இன்றைக்குத் தேவையே இல்லை. அந்த இடத்தை வேலைக்குப் பயன்படுத்தலாம்:

“நில அளவை மற்றும் கள ஆய்வு நாளை எங்களுக்கு முன்கூட்டியே தெரிவித்தால் எல்லைகளைக் காட்டவும் வேண்டிய ஒத்துழைப்பு வழங்கவும் தயாராக உள்ளோம். இம்மனு மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்க வேண்டுகிறோம். நன்றி. இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள, தலைவர், செயலாளர்.”

பகலில் போனை எடுக்கக்கூடிய இரண்டு பேரின் எண்ணும் கீழே இருக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் ஒருமுறை கூப்பிட்டு எடுக்கவில்லை என்றால் ‘மனுதாரரைத் தொடர்புகொள்ள இயலவில்லை’ என்று அறிக்கை போய்விடும்.

மனு எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். குறைதீர் மனுக்களுக்கு மூன்று நாளில் ஒப்புகையும், ஒரு மாதத்துக்குள் தீர்வும், ஏற்க முடியாவிட்டால் காரணத்தோடு பதிலும் தர வேண்டும் என்று பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறையின் 21.09.2015 தேதியிட்ட அரசாணை 99 சொல்கிறது. மாதம் முடிந்து ‘தொடர்புடைய துறைக்கு அனுப்பப்பட்டது’ என்று மட்டும் பதில் வந்தால் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தம். ‘நில அளவை செய்யப்பட்டது’ என்று வந்தால் தேதியும் கல் எண்ணிக்கையும் இருக்கிறதா என்று பாருங்கள்; இல்லை என்றால் சர்வேயர் வரவே இல்லை என்றும் இருக்கலாம். அப்போது தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, அந்த மனு எண்ணின் மீது கிராம நிர்வாக அலுவலரும் நில அளவரும் கொடுத்த அறிக்கையின் நகலைக் கேளுங்கள். ‘ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை’ என்று கேட்டால் பதில் வராது. ஏனென்றால் அது கேள்வி, ஆவணம் இல்லை.

தேர்தல் நடத்தை விதி அமலில் இருந்தால் திங்கட்கிழமைக் கூட்டமே நடக்காது. பெட்டி ஒன்று வைத்திருப்பார்கள். அதில் போடுவதைவிட ஸ்பீட் போஸ்டில் அனுப்புவது மேல், தேதிக்குச் சாட்சி இருக்கும்.

இந்தச் சாட்சிதான் பின்னால் ஒத்தக்கடை வரை போக வேண்டிவந்தால் உதவும். 2004 முதல் அங்கே இயங்கும் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில், அதிகாரி தன் கடமையைச் செய்ய உத்தரவிடக் கோரும் ரிட் மனு போடுவதானால், முதலில் அந்த அதிகாரியிடம் முறையிட்டீர்களா, எப்போது, என்ன கேட்டீர்கள் என்று பார்ப்பார்கள். பல வழக்குகளில் முதல் உத்தரவே ‘இன்ன தேதியிட்ட மனுவை இத்தனை வாரத்துக்குள் பரிசீலித்து முடிவெடுக்கவும்’ என்பதுதான். அந்த மனுவில் ஒன்பது கோரிக்கை இருந்தால், நீதிமன்றம் கொடுத்த அவகாசத்துக்குள் தெருவிளக்கு மாற்றப்பட்டு உத்தரவு நிறைவேற்றப்பட்டதாக அறிக்கை போகக்கூடும். புல எண் 57-ஐ அளக்க வேண்டும் என்று மட்டும் இருந்தால் அளந்தே ஆக வேண்டும்.

வழக்குக்கு முன்னால் இரண்டாவது மனு கொடுக்கும் சங்கங்கள் உண்டு, அதுவும் நல்லதே. அதில் புதிதாக எதையும் சேர்க்காமல், ‘பார்வை’ என்ற வரியில் முதல் மனுவின் எண்ணும் தேதியும், வந்த பதிலின் எண்ணும் தேதியும் எழுதி, அதே மூன்று கோரிக்கையை அதே வரிசையில் வைத்தால் போதும்.